ஒரே டிஸ்க், இரண்டு கணக்கு

நான்கு கணினிகள் உள்ள ஒரு போட்டோ ஸ்டுடியோ என்று வைத்துக்கொள்வோம். கல்யாணப் படங்களும் வீடியோக்களும் ஆளுக்கொரு பென்டிரைவில் சிதறிக் கிடப்பதால் ஒரு நாஸ் பெட்டி வாங்குகிறார்கள். உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க் போட்டு, நெட்வொர்க் ஸ்விட்சில் கேபிளைச் செருகிவிட்டால் எல்லோருக்கும் பொதுவான சேமிப்பிடம் தயார். பிரவுசரில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், இடத்தைப் பிரித்துக் கொடுக்கப் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று Shared Folder, மற்றது iSCSI LUN. இரண்டாவதுதான் வேகம் என்று எங்காவது கேள்விப்பட்டு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வம்பு அங்கே ஆரம்பிக்கிறது.

ஹார்ட் டிஸ்க்குக்கு ஃபைல் என்றால் என்னவென்று தெரியாது. வரிசையாக எண்ணிட்ட பிளாக்குகள் மட்டுமே அதற்குத் தெரியும். ஒவ்வொன்றும் 512 பைட் அல்லது 4096 பைட். 8 எம்.பி. படம் ஒன்று 4096 பைட் பிளாக்குகளில் 2048-ஐ நிரப்பும். எந்தப் படம் எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது, எவை காலி என்ற கணக்கை எழுதி வைப்பது ஃபைல் சிஸ்டம். விண்டோஸில் அது என்.டி.எஃப்.எஸ்.; நாஸ் பெட்டிகளுக்குள் ஓடும் லினக்ஸில் பெரும்பாலும் இ.எக்ஸ்.டி.4 அல்லது பி.டி.ஆர்.எஃப்.எஸ். அமைப்புப் பக்கத்தின் அந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு, இந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

ஷேர்டு ஃபோல்டரில் கணக்கு நாஸ் பெட்டியிடமே இருக்கும். கணினி அதனிடம் பெயர் சொல்லித்தான் கேட்கும்: `\\STUDIO-NAS\kalyanam` ஃபோல்டரில் உள்ள `DSC_0412.JPG` வேண்டும், ஆரம்பத்திலிருந்து இவ்வளவு பைட் அனுப்பு. விண்டோஸ் இதற்குப் பேசும் மொழி எஸ்.எம்.பி.; யுனிக்ஸ், லினக்ஸ் பக்கத்தில் 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். யார் கேட்கிறார், அவருக்கு அனுமதி உண்டா, வேறு யாராவது அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்களா என்றெல்லாம் பெட்டியே பார்த்துக்கொள்ளும். ஒருவர் எக்செல் பில்லைத் திறந்து வைத்திருக்கும்போது இன்னொருவர் திறந்தால், வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று திரையில் வருகிறதே, அந்த எரிச்சலூட்டும் அறிவிப்பு கணக்கு ஒரே இடத்தில் இருப்பதால் கிடைக்கும் நன்மை.

ஐஸ்கஸியில் பெயருக்கே இடமில்லை. "4,00,000-ஆவது பிளாக்கிலிருந்து எட்டு பிளாக் கொடு", "இந்த எட்டை அங்கே எழுது" என்று எண்களில்தான் பேச்சு. முன்பு கணினிப் பெட்டிக்குள் கேபிள் வழியாக டிஸ்க்குக்குப் போன ஸ்கஸி கட்டளைகளையே எடுத்து, சாதாரண நெட்வொர்க்கில் அனுப்பும் முறை இது. 2004-இல் இணையத் தரமாக வந்தது. விண்டோஸில் iSCSI Initiator என்று தேடித் திறந்து, பெட்டியின் முகவரியைக் கொடுத்து இணைத்ததும், புது ஹார்ட் டிஸ்க் மாட்டியது போலவே விண்டோஸ் அதை ஃபார்மட் செய்யச் சொல்லும். அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். ஷேர்டு ஃபோல்டரில் யாரும் உங்களை ஃபார்மட் செய்யச் சொல்வதில்லை. இங்கே சொல்கிறார்கள் என்றால், கணக்கு எழுதும் பொறுப்பு உங்கள் கணினிக்கு வந்துவிட்டது என்று பொருள். நாஸ் பெட்டிக்கு இனி உள்ளே இருப்பது படமா பில்லா என்று தெரியாது.

ஒரு கணினி மட்டும் இணைந்திருக்கும் வரை பிரச்சினை இல்லை. ஸ்டுடியோவில் இரண்டாவது கணினியையும் அதே டிஸ்க்கில் இணைக்கிறார்கள். பல பெட்டிகள் இதைத் தாமாக அனுமதிப்பதில்லை. எச்சரிக்கையைப் படிக்காமல் ஒரு டிக் போட்டால் அனுமதித்துவிடும். இரண்டிலும் டிஸ்க் தெரிகிறது, பழைய படங்கள் திறக்கின்றன, எல்லோருக்கும் சந்தோஷம்.

காலையில் முதல் கணினி, காலி பிளாக்குகளின் பட்டியலைப் படித்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இரண்டாவதும் அப்படியே. வேகத்துக்காக எல்லாக் கணினிகளும் செய்வதுதான் இது; டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்பது இரண்டின் நம்பிக்கையும். முதல் கணினி 50,000-ஆவது இடத்திலிருந்து ஒரு முகூர்த்தப் படத்தை எழுதித் தன் பட்டியலைத் திருத்துகிறது. இரண்டாவதின் நினைவகத்தில் இருப்பதோ காலையில் படித்த பழைய பட்டியல். அதில் 50,000 இன்னும் காலி. வீடியோத் துண்டு ஒன்றை அங்கேயே எழுதிவிடுகிறது. ஒரே மனையை இரண்டு பேருக்குப் பத்திரம் போட்டுக் கொடுத்த கதைதான். அடுத்து இரண்டாவது கணினி தன் பட்டியலை டிஸ்க்கில் எழுதும்போது, முதலாவது செய்த திருத்தமும் அழிந்துபோகும்.

இதில் மோசம் என்னவென்றால் உடனே எந்தப் பிழையும் வராது. முதல் அறிகுறி, ஒரு கணினியில் போட்ட ஃபைல் மற்றதில் தெரியாமல் இருப்பது. ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சில நாளில் படத்தின் மேல்பாதி சரியாக இருந்து கீழ்பாதி சாம்பல் நிறப் பட்டையாகத் திறக்கும். பிறகு The file or directory is corrupted and unreadable என்ற செய்தி. அந்த நேரத்தில் இரண்டு கணினிகளையும் இணைத்து வைத்துக்கொண்டே `chkdsk /f` ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. ஒன்று பழுதுபார்க்கும், மற்றது அதன் மேலேயே எழுதும். முதலில் ஒன்றைத் துண்டிக்க வேண்டும். பிழைத்திருக்கும் ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்த பிறகே பழுதுபார்க்க வேண்டும்.

சரி, வேகம்? இரண்டும் ஓடுவது ஒரே கேபிளில். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கின் உச்சவரம்பு விநாடிக்கு 125 எம்.பி.; நடைமுறையில் 110 வந்தால் நல்ல நெட்வொர்க். 50 ஜி.பி. கல்யாண வீடியோவை எந்த வழியில் அனுப்பினாலும் ஏழெட்டு நிமிடம் ஆகும். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் என்றால் ஐஸ்கஸி முந்தலாம். ஷேர்டு ஃபோல்டரில் ஒவ்வொரு ஃபைலையும் திற, எழுது, மூடு என்று பெட்டியோடு பேசிப் பேசிப் போக வேண்டும். ஐஸ்கஸியில் கணக்கு கணினியிலேயே இருப்பதால் அந்தப் போக்குவரத்து குறைகிறது. அதாவது வேகத்துக்குக் காரணமும் தனிக் கணக்குதான், டிஸ்க் கெட்டதற்குக் காரணமும் அதுவேதான்.

அப்படியானால் பெரிய நிறுவனங்கள் சான் என்று சொல்லிக்கொண்டு ஒரே டிஸ்க்கைப் பத்து சர்வர்களில் மாட்டுகிறார்களே? அவர்கள் அதில் என்.டி.எஃப்.எஸ்.ஸை அப்படியே போடுவதில்லை. வி.எம்.வேரின் வி.எம்.எஃப்.எஸ்., லினக்ஸின் ஜி.எஃப்.எஸ்.2 போன்றவை, பல சர்வர்கள் ஒரே டிஸ்க்கில் எழுதுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஒரு சர்வர் கணக்கைத் திருத்துமுன் பூட்டு வாங்கும், மற்றவை காத்திருக்கும். ஒரே சர்வருக்குச் சொந்தமான டேட்டாபேஸுக்கும், நெட்வொர்க் டிரைவில் ஓட மறுக்கும் மென்பொருளுக்கும் சாதாரண ஐஸ்கஸியே போதும்.

ஸ்டுடியோவுக்குத் தேவை ஷேர்டு ஃபோல்டர்தான். ஏற்கெனவே ஐஸ்கஸி டிஸ்க் நிறையப் படங்கள் ஏறிவிட்டன, மாற்ற நேரமில்லை என்றால் ஒரு வழி உண்டு. ஒரே ஒரு கணினியில் மட்டும் டிஸ்க்கை வைத்துக்கொண்டு, நாஸ் பெட்டியில் அந்த டிக்கை எடுத்துவிட்டு, அந்தக் கணினியிலிருந்து ஃபோல்டரை மற்றவர்களுக்கு விண்டோஸ் வழியே பகிரலாம். கணக்கு மறுபடி ஒரு கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த ஆள் மாலை ஆறு மணிக்குக் கணினியை அணைத்துவிட்டுப் போனால், மற்ற மூன்று பேருக்கும் அன்றைய வேலை முடிந்தது.