நடுவில் நெட் போனால் விடைத்தாள் என்ன ஆகும்?

இணையவழித் தேர்வில் விடைத்தாள் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மாணவர் பார்க்கும் பிரவுசர். மற்றொன்று, தேர்வை நடத்தும் சர்வர். இரண்டுக்கும் நடுவே இருப்பது இணைய இணைப்பு மட்டும்தான். மாணவர் குறித்த விடை, மிச்சமுள்ள நேரம் ஆகியவற்றை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அறிந்திருந்தால் சிக்கல் இல்லை. எந்தச் சூழ்நிலையில் அவை வேறுபடுகின்றன என்று தேடிப் பிடிப்பதுதான் தேர்வுத் தளத்தைச் சோதிப்பவர்களின் வேலை.

காலை 10 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு முடியும் கொள்குறி வகைத் தேர்வு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கேள்விக்கும் அ, ஆ, இ, ஈ என நான்கு விடைகள். திரையின் மூலையில் 60:00 என்று தொடங்கி நேரம் குறைந்துகொண்டே வருகிறது.

முதலில் சோதிக்க வேண்டியது இந்தக் கடிகாரத்தை. நொடிக்கு ஒன்று வீதம் கழித்துக்கொண்டே போகும்படி நிரல் எழுதுவது எளிது. ஆனால் பிரவுசர்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னால் மறைந்திருக்கும் டேப்களின் வேலையைக் குறைத்துவிடுகின்றன. குரோமில் 88ஆம் பதிப்பு முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேப்பின் டைமர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு முறைதான் இயங்கும். 10:05க்கு வேறு டேப்புக்குப் போய் 10:25க்குத் திரும்பினால், சரியான கடிகாரம் 35:00 காட்ட வேண்டும். நொடி நொடியாகக் கழிக்கும் கடிகாரமோ முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடி, அடுத்த பதினைந்து நிமிடத்தில் பதினைந்து முறை மட்டுமே கழித்து, 49:45 அளவில் நிற்கும். மாணவர் இல்லாத நேரத்தை நம்பி நிதானமாக எழுதுவார்.

முடியும் நேரம் 11:00 என்பதை சர்வர் குறித்து வைத்திருக்க வேண்டும். பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து மிச்சத்தைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். இதை உறுதிசெய்ய, கம்ப்யூட்டரின் நேரத்தை இருபது நிமிடம் பின்னால் தள்ளி வைத்துப் பார்ப்பார்கள். மடிக்கணினியை மூடித் தூங்க வைத்து, சற்று நேரம் கழித்துத் திறப்பார்கள். திரை என்ன காட்டினாலும் சரி, 11 மணிக்குப் பிறகு வரும் விடையை எப்படி நடத்துவது என்று முடிவுசெய்வது சர்வராகவே இருக்க வேண்டும்.

அடுத்தது தானாகச் சேமித்தல். பல கல்வி நிறுவனங்கள் பயன்படுத்தும் மூடுல் மென்பொருளில், மாற்றிய விடை தானாகச் சேமிக்கப்படுவதற்கான காத்திருப்பு வழக்கமாக ஒரு நிமிடம். வேறு சில தளங்கள் விடையைத் தொட்ட உடனேயே அனுப்பிவிடும். எப்படியானாலும், ‘சேமிக்கப்பட்டது’ என்ற சொல் சர்வரின் பதில் வந்த பிறகே திரையில் தோன்ற வேண்டும்.

இங்கே சோதிப்பவரே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விடையைக் குறித்து, பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து, விடை அப்படியே இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைவது வழக்கம். ஆனால் ஃபயர்ஃபாக்ஸ், சாதாரண ரீஃப்ரெஷின்போது படிவத்தில் நிரப்பியதைத் தானே நினைவில் வைத்துத் திரும்ப நிரப்பக்கூடியது. சர்வருக்கு எதுவுமே போயிருக்காது. ஆகவே அதே கணக்கில் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து நுழைந்து பார்க்க வேண்டும், அல்லது தரவுத்தளத்தை நேராகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பிழை வரிசை மாறுவதால் வருவது. மாணவர் 23ஆம் கேள்விக்கு ‘ஆ’ குறித்துவிட்டு, மறு நொடியே ‘இ’ என மாற்றுகிறார். நெட் மெதுவாக இருப்பதால் ‘இ’ முதலில் சர்வரை அடைகிறது. தாமதித்து வந்த ‘ஆ’ அதன்மேல் எழுதப்படுகிறது. திரையில் ‘இ’, சர்வரில் ‘ஆ’. மதிப்பெண் வரும்வரை யாருக்கும் தெரியாது. முதல் கோரிக்கையை மட்டும் வேண்டுமென்றே சில நொடி தாமதப்படுத்தினால் இந்தப் பிழை வெளிப்படும். ஒவ்வொரு சேமிப்புக்கும் வரிசை எண் கொடுத்து, பழைய எண்ணுடன் பிந்தி வருவதை சர்வர் ஒதுக்கிவிடுவதே இதற்குத் தீர்வு.

இணைப்பு அறுவதைச் சோதிக்க வைஃபையை அணைப்பது மட்டும் போதாது. `navigator.onLine` என்பதைக் கேட்டு இணைப்பு இருக்கிறதா என்று அறியும் தளங்கள் உண்டு. கம்ப்யூட்டர் ஏதோ ஒரு நெட்வொர்க்கில் இருந்தாலே அது ‘ஆம்’ என்று சொல்லிவிடலாம். ரவுட்டர் எரிந்துகொண்டிருக்க, அதற்கு வரும் பிராட்பேண்ட் கேபிளை மட்டும் பிடுங்கிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். அனுப்பிய சேமிப்புக்குப் பதில் வரவில்லை என்பதே நம்பத்தக்க அடையாளம். அப்போது தளம் மாணவருக்கு எச்சரிக்கை காட்ட வேண்டும். விடைகளை பிரவுசரின் உள்சேமிப்பில் வைத்திருந்து, இணைப்பு வந்ததும் அனுப்ப வேண்டும்.

இணைப்பு திரும்பிய பிறகும் ஒரு கண்ணி காத்திருக்கலாம். இடைவெளியில் லாகின் காலாவதியாகியிருந்தால், சேமிக்க வந்த கோரிக்கையை சர்வர் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். அந்தப் பக்கம் ஒழுங்காக வந்ததையே வெற்றி என்று எடுத்துக்கொண்டு, நிரல் ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டிவிடும்.

கை தவறி ரீஃப்ரெஷ் பொத்தானைத் தொட்டால் என்ன ஆக வேண்டும்? அதே தேர்வு, அதே கேள்வி வரிசை, அதே மிச்ச நேரம் திரும்ப வர வேண்டும். கடிகாரம் 60:00க்குத் திரும்பினால் அது பெரும்பிழை. விடைகளின் வரிசையைக் கலைத்துக் காட்டும் தளங்களில் இன்னும் நுட்பமான பிழை வரும். ‘இரண்டாவது விடை’ என்று இடத்தை வைத்துச் சேமித்திருந்து, ரீஃப்ரெஷில் வரிசை மறுபடி கலைந்தால், மாணவர் தொடாமலே விடை மாறிவிடும்.

நெட் இல்லாதபோது ரீஃப்ரெஷ் செய்வதுதான் மிகக் கடினமான சோதனை. தேர்வுப் பக்கம் மறைந்து, பிரவுசரின் ‘இணைப்பு இல்லை’ பக்கம் வந்துவிடும். பக்கத்தின் நினைவில் மட்டும் இருந்தவை அழிந்துவிடும். உள்சேமிப்பில் எழுதப்பட்டவை நிற்கும். பிளேரைட் என்ற சோதனைக் கருவியில் இதற்கு நெருக்கமான நிலையை நான்கே வரிகளில் உருவாக்கலாம்:

```js
await context.setOffline(true);
await page.getByLabel('இ').check();
await context.setOffline(false);
await page.reload();
```

இணைப்பு அறுந்தபோது குறித்த ‘இ’, சர்வருக்குப் போகும் முன்பே பக்கம் புதுப்பிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு சர்வரில் ‘இ’ இருந்தால் தளம் தேறியது. கணினி ஆய்வகமானால் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: தேர்வு முடிந்ததும் உள்சேமிப்பு அழிக்கப்படாவிட்டால், அடுத்து அதே இருக்கையில் அமர்பவர் முன்னவரின் விடைகளைக் காண நேரலாம்.

கடைசியாக, 10:58க்கு இணைப்பு போய் 11:02க்கு வந்தால்? 10:59க்குக் குறித்த விடை நேரம் கடந்துதான் சர்வரை அடையும். அதை 10:59க்கே குறித்ததாக பிரவுசர் சொல்வதை நம்ப முடியாது. கம்ப்யூட்டரின் நேரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். இதற்கு நிரலில் விடை இல்லை, விதியில்தான் உண்டு. மூடுல் மூன்று வழிகளைத் தருகிறது: நேரம் முடிந்ததும் அதுவரை சேமித்ததைத் தானே சமர்ப்பிப்பது, சமர்ப்பிக்க மட்டும் சலுகை நேரம் கொடுத்து, புதிதாக எழுத விடாமல் இருப்பது, நேரத்துக்குள் சமர்ப்பிக்காததைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. எது தங்கள் விதி என்பதைத் தேர்வு நடத்துபவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்து, மாணவர்களுக்கும் அறிவித்துவிட வேண்டும். அந்த விதி எழுதப்படாதவரை, சோதனையின் முடிவு சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது.