எறும்பளவு ஆட்டோ

கணினியில் முப்பரிமாண ஆட்டோ ஒன்றை ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்கிறார். பிளெண்டர் என்ற இலவச மென்பொருள்தான் பட்டறை. நிஜ ஆட்டோவின் அளவையே எடுத்துக்கொள்கிறார்: நீளம் 2.6 மீட்டர், அகலம் 1.3, உயரம் 1.7. பின்பக்கத்தில் ‘பிரசவத்துக்கு இலவசம்’ என்று எழுதவும் மறக்கவில்லை. பொம்மையாக அச்சடிக்கலாம் என்று எஸ்டிஎல் கோப்பாகச் சேமித்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கான மென்பொருளில் திறந்தால், ஆட்டோவைக் காணோம். திரையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் நடுவில் ஒரு புள்ளி. அரிசியில் பாதிகூட இல்லை.

கோப்பு கெட்டுப்போகவில்லை. அதை எழுத்து வடிவில் சேமித்துத் திறந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்:

```
facet normal 0 0 1
  outer loop
    vertex 0 0 1.7
    vertex 1.3 0 1.7
    vertex 1.3 2.6 1.7
  endloop
endfacet
```

கூரையின் ஒரு முக்கோணம் இது. மூன்று மூலைகளும் எங்கே இருக்கின்றன என்று மூன்று வரிகள். 2.6 என்று போட்டிருக்கிறது, 2.6 என்ன என்று போடவில்லை. மீட்டரா, மில்லிமீட்டரா, அங்குலமா என்று சொல்ல எஸ்டிஎல் வடிவத்தில் இடமே ஒதுக்கப்படவில்லை. பிளெண்டர் வழக்கமாக ஓர் அலகை ஒரு மீட்டராக வைத்துக்கொள்ளும். அச்சு மென்பொருள்களோ அதே எண்ணை மில்லிமீட்டர் என்று படிக்கும். அதனால்தான் 2.6 மீட்டர் ஆட்டோ 2.6 மில்லிமீட்டர் எறும்பாகிவிட்டது.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் கணக்கு போதும். இருக்க வேண்டிய அளவை, திரையில் வந்திருக்கும் அளவால் வகுக்க வேண்டும். 1000 வந்தால் மீட்டரும் மில்லிமீட்டரும் மோதியிருக்கின்றன. 100 என்றால் மீட்டரும் சென்டிமீட்டரும். 25.4 என்றால் எங்கோ ஓர் அங்குலம் ஒளிந்திருக்கிறது. நம் ஆட்டோவை 13 சென்டிமீட்டர் பொம்மையாக்க வேண்டுமானால், 130 மில்லிமீட்டரை 2.6 ஆல் வகுத்து 50 மடங்கு, அதாவது 5000 சதவீதம் என்று போட்டால் தீர்ந்தது. பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்து, அதே ஆட்டோவை விளையாட்டு உருவாக்கும் யூனிட்டி மென்பொருளுக்குக் கொண்டுபோகிறார். இங்கேயும் ஓர் அலகு ஒரு மீட்டர்தான் என்பதால் அளவில் சண்டை வரக் கூடாது. இந்த முறை எஃப்பிஎக்ஸ் கோப்பு. அதில் அலகையும் திசையையும் குறித்துவைக்க இடம் உண்டு. ஆட்டோ சரியான உயரத்தில் நிமிர்ந்தே நிற்கிறது. ஆனால் அதன் விவரங்களைப் பார்த்தால், எக்ஸ் அச்சில் −90 பாகை திருப்பம் என்றும் அளவு 100 மடங்கு என்றும் காட்டுகிறது. சில நேரம் −89.98 என்றுகூட வரும்.

இந்த 100, சென்டிமீட்டரின் வேலை. எஃப்பிஎக்ஸ் உலகம் சென்டிமீட்டரில் எண்ணுவது. அதற்கு ஈடுகட்ட, பிளெண்டர் தன் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு பொருளின் தலையிலும் 100 மடங்கு என்று எழுதிவிடுகிறது; யூனிட்டி மொத்தக் கோப்பையும் 0.01 ஆல் சுருக்குகிறது. இரண்டும் சேர்ந்து கணக்கு நேராகிவிடும். ஆனால் அந்த ஆட்டோவுக்குள் ஒரு ஓட்டுநரைக் குழந்தைப் பொருளாக உட்கார வைத்தால், அவருக்கும் அந்த 100 தொற்றி, கோபுர உயரத்துக்கு வளரக்கூடும். பிளெண்டரில் ஏற்றுமதி செய்யும்போது `Apply Scalings` என்ற இடத்தில் `FBX All` என்று மாற்றினால், இந்தப் பெருக்கல் பொருளின் தலையில் ஏறாது.

−90 எங்கிருந்து வந்தது? ‘மேலே’ என்பது எந்தப் பக்கம் என்ற தகராறிலிருந்து. தரையில் வீட்டுப் படம் வரைபவருக்கு நீளமும் அகலமும் எக்ஸ், ஒய். உயரம் மூன்றாவதாக வரும் இசட். பிளெண்டரும் 3டிஎஸ் மேக்ஸும் இந்தக் கட்சி. திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு ஒய் ஏற்கெனவே மேல்நோக்கி இருக்கிறது. இசட் என்பது ஆழம். மாயாவும் யூனிட்டியும் இந்தக் கட்சி. பிளெண்டர் ஆட்டோவின் புள்ளிகளை மாற்றாமல், முழுப் பொருளையும் −90 பாகை சாய்த்து அனுப்பிச் சமாளிக்கிறது. பிறகு ஏதோ ஒரு நிரல் அந்தத் திருப்பத்தைப் பூஜ்ஜியமாக்கினால், ஆட்டோ மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு, கூரையும் சக்கரமும் பக்கவாட்டில் தெரிய நிற்கும். யூனிட்டியின் இறக்குமதி அமைப்பில் `Bake Axis Conversion` என்பதைத் தேர்ந்தால், திருப்பம் புள்ளிகளுக்குள்ளேயே கரைந்துவிடும்.

சுருங்கியதும் சாய்ந்ததும் கண்ணில் பட்டுவிடும். இடவலம் மாறியது அப்படிப் படாது. மூன்றிலும் இதுதான் பொல்லாதது.

வாசகர் தன் வலது கையை நீட்டி, கட்டைவிரலை எக்ஸ், ஆள்காட்டி விரலை ஒய், நடுவிரலை இசட் என்று ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்துப் பார்க்கட்டும். பிறகு இடது கையிலும் அதேபோல. கட்டைவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் ஒரே திசையில் காட்டினால், நடுவிரல்கள் எதிரெதிராகப் போகும். கையை எப்படி முறுக்கினாலும் மூன்றும் ஒத்துவராது. பிளெண்டரும் மாயாவும் வலக்கை முறை. யூனிட்டியும் அன்ரியலும் இடக்கை முறை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது ஓர் அச்சின் குறியை எங்காவது மாற்றியே ஆக வேண்டும். யூனிட்டி எஃப்பிஎக்ஸைத் திறக்கும்போது எக்ஸைத் தானே திருப்பிக்கொள்கிறது.

சிக்கல், புள்ளிகளை மாற்றும் நிரலைத் தாங்களே எழுதுபவர்களுக்குத்தான். பிளெண்டரிலிருந்து மாயாவுக்கு, அதாவது வலக்கையிலிருந்து வலக்கைக்கு, இசட்டை மேலாக வைத்ததை ஒய் மேலாக மாற்ற இரண்டு வழி தோன்றும்:

```
(x, y, z) → (x, z, -y)
(x, y, z) → (x, z, y)
```

முதலாவது வெறும் திருப்பம், சரியானது. இரண்டாவதில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. ஆட்டோ நிமிர்ந்தே நிற்கும், அளவும் சரி. ஆனால் ‘பிரசவத்துக்கு இலவசம்’ ஆம்புலன்சின் முகப்பு எழுத்துபோல, முன்னால் போகிறவரின் பக்கக் கண்ணாடியில்தான் நேராகப் படிக்கக் கிடைக்கும். யூனிட்டிக்குப் போகும் கோப்பாக இருந்தால் இதே இரண்டாவது வழி சரி, முதலாவது தவறு.

கூடவே இன்னொன்றும் நடக்கும். முக்கோணத்தின் மூலைகள் வெளியிலிருந்து பார்க்க இடஞ்சுழியாக வரிசைப்பட்டிருந்தால் அது வெளிப்பக்கம் என்பது பல மென்பொருள்களின் ஏற்பாடு. கண்ணாடிப் பிம்பத்தில் இடஞ்சுழி வலஞ்சுழியாகிவிடும். உள்பக்கம் வெளியே வந்ததுபோல, கூரை மறைந்து இருக்கை தெரியும். பிளெண்டரில் `Face Orientation` என்பதை இயக்கினால், உள்பக்கம் சிவப்பாகத் தெரியும். வண்டி முழுக்கச் சிவந்திருந்தால் `Shift+N` அழுத்தி முகங்களைச் சரிசெய்யலாம். ஆனால் இடவலம் மாறியது அப்படியே இருக்கும்; அதற்கு மேலே சொன்ன குறியைத்தான் திருத்த வேண்டும்.

அண்மைக் கோப்பு வடிவங்கள் இதைப் பேசித் தீர்த்திருக்கின்றன. ஜிஎல்டிஎஃப் விதியிலேயே மீட்டர், ஒய் மேலே, வலக்கை முறை என்று எழுதியாயிற்று. அச்சுக்கான 3எம்எஃப் கோப்பில் அலகு குறிக்கப்படும். குறிக்காவிட்டால் மில்லிமீட்டர் என்று பொருள். எஸ்டிஎல் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

பெரிய வேலையை அனுப்பும் முன், ஒரு மீட்டர் கனசதுரத்தின் முன்பக்கத்தில் ஓர் எழுத்தைப் பொறித்து முதலில் அதை அனுப்பிப் பார்ப்பது அனுபவஸ்தர்களின் வழக்கம். ‘ப’ வேண்டாம், அது கண்ணாடியிலும் ஏறத்தாழ ‘ப’தான். ‘க’ போட்டால் எதுவும் தப்பாது.