‘அவன் எதுவுமே செய்யல மேம்!’ - ப்ராஜெக்ட் பஞ்சாயத்தை கைடிடம் சொல்வது எப்படி?

இன்ஜினீயரிங் கடைசி செமஸ்டரில் நட்புகள் உடைவது பெரும்பாலும் ப்ராஜெக்ட்டில்தான். நான்கு பேர் பேட்ச்சில் இரண்டு பேர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள், ஒருவர் ரிவ்யூ அன்று மட்டும் ஃபார்மல்ஸில் வந்து நிற்பார். வைவா முடிந்த பிறகு, “அவன் எதுவுமே செய்யல மேம்” என்று கைடிடம் போய் அழுவதில் பயனில்லை. அதற்குள் இன்டர்னல் மார்க் போயிருக்கும். சொல்ல வேண்டியதை முதல் ரிவ்யூவுக்கும் இரண்டாவது ரிவ்யூவுக்கும் இடையில் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் வேலையை மாற்றிப் பிரிக்க கைடுக்கு நேரம் இருக்கும்.

உதாரணத்துக்கு, வயலின் மண் ஈரத்தை அளந்து மோட்டாரை ஆன் செய்யும் ப்ராஜெக்ட்டை நான்கு பேர் எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு சென்சாரும் சர்க்யூட்டும், ஒருவருக்கு கோடிங், ஒருவருக்கு மொபைல் ஆப், ஒருவருக்கு ரிப்போர்ட். ஆப் மட்டும் வரவே இல்லை.

முதலில் செய்ய வேண்டியது, அவரிடம் தனியாகப் பேசுவது. வேலை செய்யாதவர் எல்லோரும் சோம்பேறி இல்லை. வீட்டில் பிரச்னை இருக்கலாம். ஆப் எழுதத் தெரியாமல், அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கலாம். பேசி முடித்ததும், “லாகின் பக்கம் மட்டும் 12-ம் தேதிக்குள் தர்றேன்னு சொல்லியிருக்க, சரியா?” என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். யார், எது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். பின்னால் ஆதாரமாக நிற்கப்போவது இதுதான்.

அந்தத் தேதியும் தாண்டினால் கைடுக்கு மெயில் அனுப்பலாம். அனுப்பப்போவதை அவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெயில் இப்படி இருந்தால் போதும்:

“வணக்கம் மேம். எங்கள் பேட்ச்சில் ஆப் பகுதி பற்றி உங்களிடம் பேச வேண்டும். ஜனவரி 20 அன்று வேலையைப் பிரித்தோம். லாகின் பக்கத்தை பிப்ரவரி 3-க்குள் முடிப்பதாக முடிவானது. வரவில்லை. 5-ம் தேதி நேரில் பேசி, 12 வரை நேரம் கொடுத்தோம். இன்றுவரை ஃபைல் வரவில்லை. மெசேஜ்களை இணைத்திருக்கிறோம். இரண்டாவது ரிவ்யூவுக்கு முன் எங்கள் நான்கு பேரையும் அழைத்துப் பேச முடியுமா?”

இதில் ‘பொறுப்பில்லாதவன்’, ‘ஏமாத்துறான்’ போன்ற வார்த்தைகளே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆளைத் திட்டினால் கைடுக்கு அது இரண்டு பேர் சண்டையாகத்தான் தெரியும். தேதியைச் சொன்னால் நின்றுபோன வேலை தெரியும். கடைசியில் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. “ரிவ்யூவில் அவரவர் பகுதியை அவரவரே விளக்கட்டும்” என்றும் கேட்கலாம். வேலை செய்யாதவர் இரண்டாவது கேள்வியிலேயே திணறிவிடுவார்.

ஆதாரம் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. கூகுள் டாக்ஸில் Version history திறந்தால், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று தெரியும். ஆனால் கடை கடையாக அலைந்து சென்சார் வாங்கி, சால்டரிங் செய்தவரின் பெயர் அதில் வராது. நண்பரின் லேப்டாப்பில் உட்கார்ந்து டைப் செய்தவரின் பெயரும் வராது. அதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள்.

இதற்கு நேரெதிர் கதையும் உண்டு. மூன்று பேர் தனியாக இன்னொரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துவிடுவார்கள். நான்காவது ஆளுக்கு வேலையே தர மாட்டார்கள். ரிவ்யூவில் “இவங்க எதுவும் செய்யல” என்பார்கள். அந்த நான்காவது ஆள் நீங்கள் என்றால், அமைதியாகக் காத்திருக்காதீர்கள். அமைதி, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு சோம்பலாகத்தான் தெரியும். “எனக்கு எந்தப் பகுதி? ரிப்போர்ட்டில் இரண்டாவது சாப்டரை வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரட்டுமா?” என்று பொதுக் குரூப்பில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் எழுதி அனுப்பிவிடுங்கள். இரண்டு முறை கேட்டும் பதில் இல்லையென்றால், அதே மெசேஜ்களோடு கைடைப் பாருங்கள்.

கைடு கண்டுகொள்ளவில்லையா? அடுத்து ப்ராஜெக்ட் கோ-ஆர்டினேட்டர், அதற்குப் பிறகு ஹெச்.ஓ.டி. முதல் மெயிலையே தேதியோடு ஃபார்வர்டு செய்தால் போதும். ஆனால் சாதியைச் சொல்லி ஒதுக்குவது, மிரட்டுவது எல்லாம் ப்ராஜெக்ட் பிரச்னையே அல்ல. அதற்கு ரிவ்யூ வரை காத்திருக்க வேண்டாம். உடனே கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ராகிங் என்றால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.