சிசுவின் கண்ணுக்கும் காதுக்கும் சொட்டு மருந்து

எட்டு மாதக் குழந்தையொன்றுக்கு இரு கண்களிலும் பீளை கட்டியிருக்கிறது. கண்ணுக்கு ஒரு சொட்டு, நாளொன்றுக்கு நான்கு வேளை என்று வைத்தியர் மருந்து எழுதித் தருகிறார். வீட்டிலோ குழந்தை திமிறுகிறது. மருந்து கன்னத்தில் வழிகிறது. போதாதென்று தாய் மேலும் மூன்று சொட்டு விடுகிறாள்.

கீழ் இமைக்கும் விழிக்கும் இடையிலுள்ள பை மிகச் சிறியது. வளர்ந்தவர் கண்ணிலேயே ஒரு சொட்டு முழுவதும் தங்குவதில்லை. சிசுவின் கண்ணைப் பற்றிக் கேட்பானேன்! ஆகவே கன்னத்தில் சிறிது வழிவது இயல்பே. உடனே விடும் இரண்டாவது சொட்டு முதலாவதையும் கழுவிக்கொண்டு வெளியேறும். எஞ்சியது மூக்கோரத் துளை வழியே இறங்கி உடலில் கலக்கும். சில மருந்துகளில் இதனால் தீங்கும் உண்டு. இருவகை மருந்து எழுதியிருப்பின் இடையே 5 நிமிஷம் விடவேண்டும்.

முதலில் நாம் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவோம். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால், மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாகப் பீளையைத் துடைப்போம். ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப் பஞ்சு. பின்னர் குழந்தையைத் துணியில் கைகளோடு சேர்த்துச் சுற்றி மல்லாக்கக் கிடத்தி, கீழ் இமையை மெல்ல இழுத்து, அந்தப் பையில் ஒரு சொட்டு விடுவோம். கண்ணை இறுக மூடிக்கொண்டால் போராட வேண்டாம். மூடிய கண்ணின் மூக்கோரக் குழியில் சொட்டை விட்டுக் காத்திருந்தால், குழந்தை கண் திறக்கும்போது மருந்து தானே உள்ளே செல்லும். வீறிட்டு அழுகையில் விட்டால் கண்ணீர் அதனை அடித்துச் சென்றுவிடும். பிறகு அம்மூலையை ஒரு நிமிஷம் மெதுவாக அழுத்தியிருப்பது நலம்.

சீசாவின் முனை இமையிலோ விரலிலோ படலாகாது. பட்டால் கிருமி உள்ளே புகும். மறுவேளை மருந்தோடு அதையும் கண்ணில் விடுகிறோம். முனையைத் துணியால் துடைப்பதும் தவறே. திறந்த தேதியைச் சீசாவின் மேல் எழுதி, பெரும்பாலான கண் மருந்துகளை நான்கு வாரத்தில் எறிந்துவிட வேண்டும். அண்ணனுக்கு வாங்கிய சீசா தம்பிக்கு ஆகாது.

காதுக்கு முறை வேறு. குளிர்ந்த மருந்து தலைசுற்றலை உண்டாக்குமாதலால், சீசாவை இரண்டு நிமிஷம் உள்ளங்கையில் வைத்திருக்க வேண்டும். வெந்நீரில் போடக் கூடாது. குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, மூன்று வயதுக்குட்பட்டவர்க்குக் காது மடலைக் கீழும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். எழுதிய அளவு சொட்டுக்களை விட்டு, சில நிமிஷம் அப்படியே வைத்திருக்க வேண்டும். காது மருந்தை ஒருபோதும் கண்ணில் விடலாகாது.

காதில் சீழ் வடிந்தால் செவிப்பறை கிழிந்திருக்கலாம். வைத்தியர் பார்க்குமுன் எண்ணெய், தாய்ப்பால், பழைய மருந்து எதையும் விடக் கூடாது. பிறந்து ஒரு மாதத்துக்குள் கண் வீங்கிச் சீழ் கட்டினால், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.