சோடியம் ஒரே ஒரு எலக்ட்ரானோடு நிறுத்திக்கொள்வது ஏன்?

எவர்சில்வர் கைப்பிடிக் கம்பிகள் செய்யும் பட்டறைகளில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்றொரு வேலை நடக்கும். வெல்டர் கையில் பிடித்திருக்கும் டார்ச்சின் நுனியில் ஒரு டங்ஸ்டன் கம்பி, அதைச் சுற்றிப் பீங்கான் மூக்கு. அந்த மூக்கின் வழியே ஆர்கான் வாயு மெல்லிய சீறலோடு இறங்கி, உருகிக் குழம்பாகக் கிடக்கும் எஃகைப் போர்த்திக்கொள்கிறது. சிலிண்டர் தீர்ந்தாலோ, யாராவது ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாலோ உடனே தெரிந்துவிடும். வெள்ளி போல வரவேண்டிய இடம் கறுத்துப்போகும்; ஊசியால் குத்தியதுபோலப் பொடித் துளைகள் விழும். காற்று உள்ளே புகுந்து உருகிய உலோகத்தோடு கலந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

பல ஆயிரம் டிகிரி வெப்பத்திலும் எஃகோடு ஒட்டாத ஆர்கான் எதற்குமே அசையாத வாயு என்றுதான் தோன்றும். பள்ளிப் புத்தகங்களும் ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் ஆகியவற்றை ‘மந்த வாயுக்கள்’ என்றே அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் வெல்டர் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாத அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? ஆர்கான் அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாக மாறுவதால்தான் டங்ஸ்டன் நுனிக்கும் எஃகுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் மின்சாரமே பாய்கிறது. ஆக, ஆர்கானிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க முடியும், அதற்கான விலையைக் கொடுத்தால். வெப்பத்தைவிட்டு விலகியதும் அது ஏதோ ஒரு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு மறுபடி பழைய ஆர்கானாகிவிடுகிறது. இந்த விலையைச் சரியாகப் புரிந்துகொண்டால், மந்த வாயுக்களின் மந்தம் மட்டுமல்ல, நம் சமையல் உப்பு உருவான கதையும் விளங்கிவிடும்.

ஆர்கானைக் கண்டுபிடித்தவர்கள் ராலே பிரபுவும் வில்லியம் ராம்சேயும். காற்றிலிருந்து பிரித்தெடுத்த நைட்ரஜன், வேதிப்பொருள்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனைவிட லிட்டருக்குச் சில மில்லிகிராம் கூடுதலாக எடை காட்டியது. ராலே அந்தச் சிறு வித்தியாசத்தை விடாமல் துரத்தினார். 1894-ல் விடை கிடைத்தது: காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு, யாரும் அதுவரை அடையாளம் காணாத ஒரு வாயு இருக்கிறது. ராம்சே அதில் கொஞ்சத்தைப் பாரிசில் இருந்த ஆன்றி முவாசானுக்கு அனுப்பினார். ஃபுளூரினை முதன்முதலில் தனியாகப் பிரித்தவர் அவர். கண்டதையெல்லாம் தாக்கும் தனிமம் அது. அதோடு ஆர்கானைச் சேர்த்து, மின்பொறியும் பாய்ச்சிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

ஏன் என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாத காலம். இன்று நமக்குத் தெரிந்ததை வைத்து நியானைப் பார்ப்போம். எண்கள் சிறியவை என்பதால் பார்ப்பது எளிது.

நியான் அணுக்கருவில் பத்துப் புரோட்டான்கள். வெளியே பத்து எலக்ட்ரான்கள்: உள்கூட்டில் இரண்டு, வெளிக்கூட்டில் எட்டு. வெளிக்கூட்டில் இருக்கும் ஓர் எலக்ட்ரானுக்கு அணுக்கருவின் இழுப்பு எவ்வளவு எட்டும்? நடுவில் இருக்கும் இரண்டு உள்கூட்டு எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட இரண்டு புரோட்டான்களின் இழுப்பை மறைத்துவிடுகின்றன. ஆனால் அதே கூட்டில் கூடவே இருக்கும் மற்ற ஏழும் அணுக்கருவிலிருந்து அதே தூரத்தில்தான் இருக்கின்றன. பக்கத்தில் நிற்பவர் முன்னால் நிற்பவரைப்போல மறைக்க முடியாதல்லவா? அதனால் அவை அரைகுறையாகத்தான் மறைக்கின்றன. மொத்தத்தில் ஒவ்வொரு வெளி எலக்ட்ரானையும் ஏறத்தாழ ஆறு புரோட்டான்களின் வலுவோடு அணுக்கரு இழுத்துப் பிடித்திருக்கிறது. பிடுங்குவது கடினம்.

சரி, பிடுங்க வேண்டாம், பதினோராவதாக ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துப் பார்க்கலாமே? இரண்டாம் கூட்டில் எட்டு இடம்தான் உண்டு. (ஏன் எட்டு என்பதற்குக் குவாண்டம் இயற்பியலுக்குள் போக வேண்டும், இங்கே அப்படியே எடுத்துக்கொள்வோம்.) எனவே புதிதாக வருவது மூன்றாம் கூட்டில்தான் தங்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பத்துப் புரோட்டான்களையும் பத்து எலக்ட்ரான்கள் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. பிடித்து வைக்க ஆளில்லை. வந்த எலக்ட்ரான் வந்த வழியே போய்விடும்.

மந்த வாயுவின் மந்தம் இவ்வளவுதான். கொடுக்க விலை அதிகம், வாங்க இடமில்லை. ‘எட்டு நிறைந்ததால் திருப்தி’ என்று சொல்லிக்கொடுப்பது மாணவர்களுக்கு நினைவில் நிற்கிறது, உண்மைதான். ஆனால் அணுவுக்குத் திருப்தியும் இல்லை, ஏக்கமும் இல்லை. அப்படிச் சொல்லிக்கொடுத்தால் பின்னால் இரும்பிடம் போய் மாட்டிக்கொள்வோம்.

இப்போது நியானுக்கு அடுத்த வீடு, சோடியம். மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைத்திருக்கும் இந்த உலோகத்தைக் கத்தியால் வெட்டலாம். வெட்டிய முகம் வெள்ளியாக மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். நியானைவிட ஒரே ஒரு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினோராவது எலக்ட்ரான் மூன்றாம் கூட்டில், பத்து எலக்ட்ரான்களுக்குப் பின்னால் இருக்கிறது. 23 கிராம் சோடிய ஆவியிலுள்ள அணுக்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைக் கழற்ற 496 கிலோஜூல் போதும். அதே எண்ணிக்கையிலான நியான் அணுக்களுக்கு 2,081 கிலோஜூல் வேண்டும்.

இரண்டாவது எலக்ட்ரானையும் சோடியத்திலிருந்து எடுக்க முயன்றால்? விலை 4,562 கிலோஜூலுக்குத் தாவிவிடுகிறது. இப்போது நாம் கைவைப்பது நியானின் அதே எட்டு எலக்ட்ரான் கூட்டில். அதையும் பத்துக்குப் பதில் பதினொரு புரோட்டான்கள் இழுத்துக்கொண்டிருக்கின்றன. நியானைவிட இருமடங்குக்கும் மேல் விலை. சோடியம் எப்போதும் ஒற்றை நேர்மின் சுமையோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இந்தச் சுவர்தான். மெக்னீசியத்தில் இதே சுவர் ஓரடி தள்ளி நிற்கிறது: முதல் எலக்ட்ரானுக்கு 738, இரண்டாவதற்கு 1,451, மூன்றாவதற்கு 7,733. அதனால் மெக்னீசிய அயனி எப்போதும் இரட்டைச் சுமையோடு இருக்கிறது. மந்த வாயுவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் தனிமங்களின் அயனிகள் அந்த வாயுவின் எலக்ட்ரான் எண்ணிக்கையில் வந்து நிற்பதை, 1916-ல் ஜெர்மனியின் வால்தர் கொசெல் எடுத்துக்காட்டினார்.

ஆனாலும் 496 கிலோஜூல் செலவு செலவுதான். சோடியம் எலக்ட்ரானைச் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. அந்தச் செலவை யார் ஈடுகட்டுகிறார்கள்? 58.5 கிராம் உப்பு உருவாகும் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். திட சோடியத்தைத் தனித்தனி அணுக்களாக்க 107 கிலோஜூல். குளோரின் இரட்டை அணுக்களாகச் சுற்றுவதால் அதைப் பிரிக்க 122. எலக்ட்ரானைக் கழற்ற 496. மொத்தச் செலவு 725. குளோரினின் வெளிக்கூட்டில் ஓரிடம் காலி. அங்கே இழுப்பும் பலமாக இருப்பதால் எலக்ட்ரானை வாங்கும்போது 349 கிலோஜூல் வெளியே வருகிறது. இன்னும் 376 நட்டத்தில்தான் இருக்கிறோம்! எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கியதோடு கதை முடிந்திருந்தால் உப்பு என்ற ஒன்றே இருந்திருக்காது.

கணக்கை லாபத்துக்குத் திருப்புவது அடுத்த படி. நேர்மின் சோடியமும் எதிர்மின் குளோரைடும் ஒன்றையொன்று இழுத்து, மாறி மாறி அடுக்கி, படிகமாக இறுகும்போது 787 கிலோஜூல் வெளியேறுகிறது. கழித்துப் பார்த்தால் 411 கிலோஜூல் மிச்சம். சூடாக்கிய சோடியத்தைக் குளோரின் நிறைந்த ஜாடிக்குள் இறக்கினால் மஞ்சள் சுடரோடு எரிந்து, ஜாடியின் சுவரில் வெள்ளைத் தூள் படிகிறதே, அந்தச் சுடரும் சூடும் இந்த மிச்சம்தான்.

சோடியம் இரண்டு எலக்ட்ரான்களை இழந்தாலும் படிகம் இன்னும் பலமாக இறுகும். ஆனால் அப்படிக் கூடுதலாகக் கிடைப்பது, 4,562 கிலோஜூல் செலவில் பாதியைக்கூட ஈடுகட்டாது. மெக்னீசியத்திலோ இரண்டாவது எலக்ட்ரானுக்கான 1,451-ஐப் படிகம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால் அங்கே இரண்டு வரை போவதுதான் லாபம்.

இரும்பிடம் வந்தால் இந்தச் சுவரே இல்லை. அதன் எலக்ட்ரான்களுக்கான விலை படிப்படியாகத்தான் ஏறுகிறது. அதனால் சில சேர்மங்களில் இரண்டை இழக்கிறது, சிலவற்றில் மூன்றை. ரத்தசோகைக்குக் கொடுக்கும் ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் இருப்பது இரண்டை இழந்த இரும்பு. துருவில் இருப்பது மூன்றை இழந்தது. இரண்டுமே எந்த மந்த வாயுவின் எண்ணிக்கையையும் எட்டவில்லை. ‘எல்லா அணுவும் மந்த வாயுபோல ஆகத் துடிக்கிறது’ என்று மனப்பாடம் செய்தவர் இங்கே திகைப்பார். செலவையும் வரவையும் பார்த்தவருக்கு இதில் வியப்பே இல்லை.

இதே கணக்குதான் மந்த வாயுக்களின் கோட்டையையும் உடைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீல் பார்ட்லெட் பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு என்ற சிவந்த வாயுவோடு வேலை செய்துகொண்டிருந்தார். அது ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதை அவர் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைக் கழற்ற ஆகும் செலவு சுமார் 1,165 கிலோஜூல். அட்டவணையைப் பார்த்தபோது செனானுக்கான எண் கண்ணில் பட்டது: 1,170. ஏறத்தாழ ஒரே விலை! செனானின் வெளி எலக்ட்ரான்கள் ஐந்தாம் கூட்டில், அணுக்கருவைவிட்டு வெகுதூரத்தில் இருப்பதால்தான் நியானைவிட இவ்வளவு மலிவு. 1962 மார்ச்சில் இரண்டு வாயுக்களுக்கும் நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்பை உடைத்தார். கண்ணெதிரே மஞ்சள்நிறத் திடப்பொருள் படிந்தது. மந்த வாயு ஒன்றின் முதல் உண்மையான சேர்மம் அதுதான். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே செனானும் ஃபுளூரினும் நேரடியாகச் சேர்ந்த சேர்மங்களும் வந்துவிட்டன.

முவாசான் ஆர்கானிடம் தோற்றதற்கும் இதில் விடை இருக்கிறது: அதன் விலை 1,521 கிலோஜூல், செனானைவிட முந்நூற்றைம்பது கூடுதல். ஆர்கானும் ஃபுளூரினும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு மூலக்கூறை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2000-ல் உருவாக்கினார்கள். ஆனால் மைனஸ் 250 டிகிரியை ஒட்டிய கடுங்குளிரில்தான் அது தாக்குப்பிடிக்கிறது. 2,081 கிலோஜூல் கேட்கும் நியானோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்த, மின்சுமையற்ற, நிலையான சேர்மம் எதுவும் இதுவரை கைக்கு வரவில்லை.