விடையைப் பார்த்தெழுதாத தன்மதிப்பீட்டுப் பயிற்சித்தாள்: வல்லினம் மிகும் இடங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மாணவர் தம் விடைகளைத் தாமே திருத்திக்கொள்ளும் பயிற்சித்தாளில் விடைக்குறிப்பும் உடன் தரப்பட வேண்டும். அவ்வாறு தரும்போது பலர் சிந்திக்காமல் அதனைப் பார்த்தெழுதிவிடுகின்றனர். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் குறித்து இளநிலை முதலாமாண்டு மாணவர்க்கென உருவாக்கிய எட்டு வினாக்கள் கொண்ட தாளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விடைக்குறிப்பை மூன்று நிலைகளாகப் பகுப்பதன் வழி இச்சிக்கலைக் குறைக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: தன்மதிப்பீடு, பயிற்சித்தாள், விடைக்குறிப்பு, வல்லினம் மிகுதல், புணர்ச்சி.

முன்னுரை

பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் அறுபது மாணவர் இருப்பின், ஒருவர் எட்டுத் தொடர்கள் எழுதினாலும் ஆசிரியர் நானூற்று எண்பது விடைகளைத் திருத்த வேண்டும். திருத்திய தாள் மாணவர் கைக்கு மீளும்போது, தாம் ஏன் அவ்வாறு எழுதினோம் என்பதை அவர் மறந்திருப்பார். தாமே உடனடியாகத் திருத்திக்கொள்ளும் முறையை நாடுவதற்கு இதுவே காரணம்.

கட்டுரையாளர் தம் வகுப்பில் முதலில் பயன்படுத்திய தாளின் பின்பக்கத்தில் விடைகள் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தன. ஏறத்தாழ எல்லாத் தாள்களும் பிழையின்றி வந்தன. அடுத்த வாரக் கட்டுரைப் பயிற்சியிலோ ‘வந்தச் சிறுவன்’ என்பது போன்ற பிழைகள் முன்போலவே இருந்தன. தாளில் கண்ட சரியான விடை, மாணவரின் அறிவைக் காட்டவில்லை. விடைக்குறிப்பு எவ்வளவு அருகில் இருந்தது என்பதையே காட்டியது. பிழை மாணவரிடம் மட்டும் இல்லை, தாளின் அமைப்பிலும் இருந்தது. அவ்வமைப்பை மாற்றியமைத்த முறை கீழே விளக்கப்படுகிறது.

வினாக்களைத் தெரிவுசெய்தல்

நன்னூல் புணர்ச்சி விதிகளை நிலைமொழி ஈற்றின் அடிப்படையில் உயிரீற்றுப் புணரியல், மெய்யீற்றுப் புணரியல் என வகுத்துரைக்கிறது. பயிற்சித்தாளுக்கோ மாணவர் எங்கே மயங்குகின்றனர் என்பதே அடிப்படையாக அமைய வேண்டும். ‘அந்த’, ‘வந்த’ ஆகிய இரண்டும் அகர ஈறு கொண்டவை, ஒலியாலும் ஒத்தவை. முன்னது சுட்டு, அதன்பின் வல்லினம் மிகும். பின்னது பெயரெச்சம், அதன்பின் மிகாது. இவ்வாறு மயக்கம் தரும் நான்கு இணைகளிலிருந்து எட்டு வினாக்கள் அமைக்கப்பட்டன:

1. வந்து + சொன்னார்
2. அந்த + சிறுவன்
3. தமிழ் + பயின்றாள்
4. வாடா + பூ
5. தமிழை + கற்றாள்
6. வந்த + பெண்
7. எடுத்து + கொடுத்தார்
8. வாடாத + கொடி

இவற்றில் 2, 4, 5, 7 ஆகியவற்றில் வல்லினம் மிகும், ஏனையவற்றில் மிகாது. இணைகளை அடுத்தடுத்து வைத்தால் ‘ஒன்றில் மிகும், அடுத்ததில் மிகாது’ என்னும் ஒழுங்கை மாணவர் கண்டுகொள்வர். ஆகவே வரிசை கலைக்கப்பட்டுள்ளது.

ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே மூன்று கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் மிகும் எழுத்தை மட்டும் எழுத வேண்டும். மிகாவிடில் பெருக்கல் குறி இட வேண்டும். தொடரை முழுவதும் எழுதச் செய்தால், திருத்தும்போது ஓர் ஒற்றெழுத்தின் குறையைக் கண் தவறவிடுகிறது. கட்டத்தில் தனித்து நிற்கும் எழுத்தை ஒப்பிடுவது எளிது. இரண்டாம் கட்டம் இலக்கணக் காரணத்திற்குரியது. மூன்றாம் கட்டத்தில் ‘உறுதி’ அல்லது ‘ஐயம்’ எனக் குறிக்க வேண்டும். இம்மூன்றும் நீல மையில் எழுதப்படும். அதன்பின் நீல மையில் எதையும் மாற்றுதல் கூடாது. திருத்தங்கள் அனைத்தும் பச்சை மையில் அமையும்.

விடைக்குறிப்பின் மூன்று நிலைகள்

முதல் நிலைக் குறிப்பு விடைகளைக் கூறுவதில்லை. அவற்றின் தொகையை மட்டும் கூறுகிறது. எட்டு வினாக்களிலும் சேர்த்து ‘க்’ இரண்டு இடங்களிலும், ‘ச்’ ஓரிடத்திலும், ‘ப்’ ஓரிடத்திலும் மிகும் என்பதே அக்குறிப்பு. மாணவர் தம் கட்டங்களை எண்ணி ஒப்பிடுகிறார். தொகை மாறினால், தம் தாளில் பிழை உண்டு என்பதை அறிகிறார்; அது எந்த வினாவில் உள்ளது என்பதைத் தாமே தேட வேண்டியிருக்கிறது. பார்த்தெழுதுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

இரண்டாம் நிலைக் குறிப்பில் எட்டு விதிகள் வேறு எடுத்துக்காட்டுகளுடன் தரப்படுகின்றன. வினா எண்கள் இடம்பெறுவதில்லை; விதிகளின் வரிசையும் வினாக்களின் வரிசையும் வேறு. சான்றாக, ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் மிகும்: செல்லாக் காசு’ என்றும், ‘ஈறு கெடாத எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் மிகாது: செல்லாத காசு’ என்றும் அமையும். ஒவ்வொரு வினாவும் எவ்விதிக்கு உரியது எனப் பொருத்துவது மாணவரின் பணி. நிலைமொழி இன்னது என்று அறியாமல் அவ்வாறு பொருத்த இயலாது.

மூன்றாம் நிலைக் குறிப்பில் முழு விடைகளும் காரணங்களும் உள்ளன. இதனை மாணவரின் மேசையில் தராமல், வகுப்பின் பின்சுவரில் ஒட்டிவைப்பது பயனளித்தது. மாணவர் தாளும் எழுதுகோலும் இன்றிச் சென்று படித்து, இருக்கைக்கு மீண்டு திருத்த வேண்டும். எட்டையும் மனத்தில் சுமந்து வருவதினும், தாம் ஐயுற்ற ஒன்றிரண்டைப் பார்த்து வருவதே எளிது என்பதை மாணவர் விரைவில் உணர்கின்றனர்.

எழுதுவதற்குப் பதினைந்து நிமிடமும், முதல் நிலைக்கு ஐந்து நிமிடமும், மற்ற இரு நிலைகளுக்கும் பத்துப் பத்து நிமிடமும் ஒதுக்கினால், இறுதி வினாக்களுக்கு ஐந்து நிமிடம் தந்து, நாற்பத்தைந்து நிமிடத்தில் பயிற்சியை முடிக்கலாம்.

ஒரு தாளின் வழி விளக்கம்

ஒரு மாணவர் 3ஆம் வினாவிற்குத் ‘தமிழ்ப் பயின்றாள்’ என்னும் விடையைக் கருதி, கட்டத்தில் ‘ப்’ என எழுதி, ‘உறுதி’ எனவும் குறித்துள்ளார் எனக் கொள்வோம். ‘தமிழ்ப் பள்ளி’ என்னும் வழக்கை ஒட்டி அவர் அவ்வாறு எழுதியிருக்கலாம். ஏனைய ஏழும் சரியானவை. அவர் தாளில் ‘ப்’ இரண்டு இடங்களில் வருகிறது, குறிப்பிலோ ஒன்றுதான். வருமொழி பகரத்தில் தொடங்குவன 3, 4, 6 ஆகிய மூன்றே. 6ஆம் வினாவில் அவர் பெருக்கல் குறி இட்டுள்ளமையால் 3, 4 ஆகியவற்றுள் ஒன்று பிழையாதல் வேண்டும். எட்டாக இருந்த தேடல் இரண்டாகச் சுருங்குகிறது. எனினும் விடை இன்னும் தரப்படவில்லை.

அடுத்து இரண்டாம் நிலையில், ‘இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து நிற்க, வினை தொடரும்போது மிகாது: பால் குடித்தான்’ என்னும் விதியைக் காண்கிறார். ‘தமிழ் பயின்றாள்’ என்பது ‘தமிழைப் பயின்றாள்’ என விரியும் என்றும், இங்கு உருபு மறைந்துள்ளது என்றும் உணர்ந்து பச்சை மையில் திருத்துகிறார். ‘உறுதி’ எனக் குறித்த இடத்தில் வந்த பிழை என்பதால் ஆசிரியர் கவனிக்க வேண்டியதும் இதுவே. அறியாமையால் நேர்ந்த பிழையைவிட, ஒரு விதியைப் பிற இடத்திற்கும் நீட்டியதால் நேர்ந்த பிழை மீண்டும் மீண்டும் தோன்றும் தன்மையது.

தொகைக் குறிப்பில் நேரும் தவறு

தொகையை மட்டும் தரும் முறையில் ஒரு குறை உண்டு. இத்தாளின் முந்தைய வடிவில் ‘அந்த + சிறுவன்’, ‘வந்த + சிறுவன்’ என இணைகளுக்கு ஒரே வருமொழி தரப்பட்டிருந்தது. ‘அந்த சிறுவன்’, ‘வந்தச் சிறுவன்’ எனத் தலைகீழாக எழுதியவரின் தாளிலும் ‘ச்’ ஒன்றே வந்தது. இரு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துத் தொகையைச் சரியாகக் காட்டின. வருமொழிகளை வெவ்வேறு வல்லினத்தில் தொடங்குமாறு மாற்றிய பின், அதே மயக்கம் ‘ச்’ குறைந்து ‘ப்’ மிகுந்த நிலையில் வெளிப்படுகிறது. வெவ்வேறு இணைகளுக்கிடையே இத்தகைய மறைப்பு இன்னும் நேரலாம். 5ஆம் வினாவில் ‘க்’ விடுபட்டு 8ஆம் வினாவில் ‘க்’ மிகுந்தால் தொகை மாறாது. ஆதலால் தொகை ஒத்துவந்த மாணவரும் அடுத்த நிலைகளைக் கடந்தே ஆக வேண்டும்.

இரு விடைக்கு இடமளிக்கும் தொடர்களையும் தவிர்க்க வேண்டும். ‘வேலை + கொடுத்தான்’ என்பதில் ‘வேலை’ பணியைக் குறித்தால் வல்லினம் மிகாது. வேல் என்னும் படைக்கருவி ஐகார உருபு ஏற்றதாகக் கொண்டால் மிகும். இத்தகைய தொடர் வகுப்பு விவாதத்திற்கு ஏற்றது. தொகைக் குறிப்பில் இடம்பெற்றால், சரியாகச் சிந்தித்த மாணவரும் தம்மைத் தவறெனக் குறித்துக்கொள்வார்.

பார்த்தெழுதியதை அறிதல்

தாளின் இறுதியில் விடைக்குறிப்பு இல்லாத மூன்று வினாக்கள் உள்ளன: ‘கவிதை + படித்தாள்’, ‘பேசிய + தலைவர்’, ‘கேட்டு + சிரித்தான்’. ஆசிரியர் இம்மூன்றை மட்டுமே திருத்துகிறார். இவற்றுள் முதலாவது தனிச்சிறப்புடையது. ஐகாரத்தில் முடிவதாலேயே ‘கவிதைப் படித்தாள்’ என எழுதுபவர், சொல்லின் ஈற்றையும் வேற்றுமை உருபையும் வேறுபடுத்தவில்லை என்பது புலனாகும்.

மூன்று தோற்றங்களை ஆசிரியர் நோக்கலாம். நீலத்தில் பிழையும், பச்சையில் திருத்தமும், இறுதி வினாக்களில் சரியான விடையும் இருப்பின் தாள் தன் பணியைச் செய்துள்ளது. நீலத்தில் பிழையே இன்றி, காரணங்கள் சுவர்க்குறிப்பின் சொற்களிலேயே அமைந்து, இறுதி வினாக்கள் தவறாயின் பார்த்தெழுதியிருத்தல் கூடும். அம்மாணவரை ஒரு வினாவுக்கு வாய்மொழியாக விளக்கச் சொன்னால் ஐயம் தீரும். நீலத்தில் உள்ள பிழையைச் சரியென மாணவர் குறித்திருப்பின், அது ஒப்பிடுதலில் நேர்ந்த கவனக்குறைவு. ஏமாற்றாகக் கருதுதல் தகாது.

நீல விடைகளுக்கு மதிப்பெண் வழங்கினால் இம்முறை பயனற்றுப்போகும். பிழையை வெளிப்படுத்துவதால் மதிப்பெண் குறையுமாயின், மாணவர் நீல மையை முன்கூட்டிப் பயன்படுத்தாமல் காத்திருப்பர். தம் விடையைச் சரியாக மதிப்பிட்டமைக்கும் இறுதி வினாக்களுக்கும் மட்டுமே மதிப்பெண் வழங்குதல் பொருத்தமானது.

முடிவுரை

விடைக்குறிப்பை ஒளித்துவைப்பதைவிட, அதனைப் பகுத்துத் தருவதே பார்த்தெழுதுதலைக் குறைக்கிறது. பிழை உண்டு என்பதை முதல் நிலையும், ஏன் பிழை என்பதை இரண்டாம் நிலையும், சரியான வடிவம் எது என்பதை மூன்றாம் நிலையும் தெரிவிக்கின்றன. விடை ஒன்றாகவும் எண்ணத்தக்கதாகவும் அமையும் பகுதிகளுக்கே தொகைக் குறிப்பு பொருந்தும். நேரசை, நிரையசை எனப் பிரிக்கும் யாப்புப் பயிற்சி அத்தகையது. பாடல் நயம் எழுதுதல் போன்றவற்றிற்கு இது பொருந்தாது. அங்கு விடைக்குறிப்பு எவ்வாறு பகுக்கப்பட வேண்டும் என்பது தனித்து ஆராயத்தக்கது.