முப்பது சதவீதம் என்பது எத்தனை ரூபாய்?

வேலை மாற நினைக்கிறவருக்குப் புதிய நிறுவனத்திலிருந்து வரும் முதல் போன் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை. எத்தனை வருஷ அனுபவம், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், கரண்ட் சி.டி.சி. எவ்வளவு, எதிர்பார்ப்பது எவ்வளவு. இந்த நான்கும் பதிவானால்தான் நேர்காணலுக்குத் தேதி கிடைக்கும். என்ன வேலை, யாருக்குக் கீழே என்பதெல்லாம் பிறகு. ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. நிறுவனங்களில் இது இன்று சடங்காகவே ஆகிவிட்டது. வேலைவாய்ப்புத் தளங்களிலும் தற்போதைய சம்பளத்துக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது.

ஏன் கேட்கிறார்கள்? வீடு தேடிப் போனால் புரோக்கர் முதலில் கேட்பது, “இப்ப இருக்கிற வீட்டுக்கு என்ன வாடகை?” புது வீட்டின் வாடகைக்கும் பழைய வீட்டுக்கும் சம்பந்தமில்லை. நம்மை எங்கே வைப்பது, எவ்வளவு வரை இழுக்கலாம் என்று அவருக்குத் தெரியவேண்டும். எச்.ஆர். கேள்வியிலும் பாதி இதுதான்.

மீதிப் பாதி உள்ளே நடக்கும் நிர்வாகம். ஓரளவு பெரிய நிறுவனம் என்றால் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு கிரேடு உண்டு. கிரேடுக்கு ஒரு சம்பள வரம்பு உண்டு. ஒரு சீனியர் டெவலப்பர் பதவிக்கு 8 லட்சத்திலிருந்து 13 லட்சம் வரை என்று வைத்துக்கொள்வோம். அந்த வரம்பு எச்.ஆரிடம் இருக்கும், விண்ணப்பிப்பவரிடம் சொல்லமாட்டார்கள். நேர்காணல் எடுத்தவர், “ஆள் நல்லா பண்றாரு, எடுக்கலாம்” என்று எழுதிக் கொடுப்பார். 8-க்கா 13-க்கா என்று அவர் எழுதுவதில்லை. திறமையை ஒரு மணி நேரத்தில் ஒருமாதிரி எடைபோட்டுவிடலாம், விலை போடுவது கடினம். அதனால் பழைய நிறுவனம் போட்ட விலையை வாங்கிக்கொள்கிறார்கள். அதன்மேல் ஒரு சதவீதம் ஏற்றினால் வேலை முடிந்தது.

அந்தச் சதவீதத்துக்கு ஒப்புதல் வாங்கவேண்டும். ஆஃபர் அனுப்புமுன் சுற்றுக்குப் போகும் தாளில் பெரும்பாலும் மூன்று எண்கள் பக்கத்துப் பக்கமாக இருக்கும்: இப்போதைய சம்பளம், தரப்போவது, ஏற்றம் எத்தனை சதவீதம். 30 சதவீதத்துக்குள் என்றால் எச்.ஆர். மேனேஜரே கையெழுத்துப் போடலாம், அதைத் தாண்டினால் துறைத்தலைவரிடம் காரணம் எழுதி வாங்கவேண்டும் என்பது போன்ற விதிகள் உண்டு. எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். “எங்க பாலிசியில 30 சதவீதத்துக்கு மேல குடுக்கமுடியாது” என்று போனில் சொல்கிறவர் எப்போதும் பொய் சொல்வதில்லை. தன் அதிகாரத்தின் எல்லையைச் சொல்கிறார். அதற்கு மேலே ஒரு கையெழுத்து இருப்பதைத்தான் சொல்லாமல் விடுகிறார்.

மிகக் குறைந்த ஏற்றத்தையும் நிறுவனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். நம் ஐ.டி. துறையில் 90 நாள் நோட்டீஸ் சகஜம். ஆஃபர் வாங்கிய ஆள் அந்த மூன்று மாதத்தில் அதைக் காட்டி இன்னொரு இடத்தில் கூடுதல் கேட்பார், அல்லது பழைய நிறுவனமே கூட்டிக் கொடுத்து நிறுத்திக்கொள்ளும். 10 சதவீதத்துக்கு வருகிறேன் என்பவர் சேரும் நாளில் வருவாரா என்ற பயம் எச்.ஆருக்கு உண்டு. சந்தை சூடாக இருந்தால் வரம்பும் நெகிழும். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸிலிருந்து விலகுவோர் விகிதம் 28.4 சதவீதத்தைத் தொட்டது. அப்போது சாதாரண அனுபவத்துக்கே பெரிய ஏற்றங்கள் கிடைத்தன. சூடு ஆறியதும் அதே நிறுவனங்கள் அதே பதவிக்கு மறுபடி பாலிசி பேசின.

இனி அந்த 30 சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். நான்கு வருட அனுபவமுள்ள ஒருவரின் சி.டி.சி. 8 லட்சம் என்று கொள்வோம். அதில் அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000. வீட்டு வாடகைப் படியும் மற்றப் படிகளும் 30,000. ஆக மாதச் சம்பளம் 55,000, வருடத்துக்கு 6.60 லட்சம். மீதி 1.40 லட்சம் எங்கே? நிறுவனம் கட்டும் பி.எஃப். 36,000, கிராஜுவிட்டிக்கென்று 14,430, இன்சூரன்ஸ் 9,570, வேரியபிள் 80,000. இவை எல்லாம் சி.டி.சி.க்குள் உட்கார்ந்திருக்கும். அவர் பங்குக்குப் பிடிக்கும் பி.எஃப். 3,000 போக மாதம் கையில் வருவது 52,000.

புதிய இடத்தில் 10.40 லட்சம் தருகிறார்கள், சரியாக 30 சதவீத ஏற்றம். தாளைப் பிரித்தால் அடிப்படைச் சம்பளம் 40,000, படிகள் 22,000, மாதச் சம்பளம் 62,000. நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 57,600, கிராஜுவிட்டி 23,088, இன்சூரன்ஸ் 15,312, வேரியபிள் ஒன்றரை லட்சம், ஜாயினிங் போனஸ் 50,000. கூட்டினால் கணக்கு சரியாக 10.40 வரும். ஆனால் 4,800 பி.எஃப். பிடித்தம் போக மாதம் கையில் வருவது 57,200. பழைய 52,000-க்கு இது வெறும் 10 சதவீதம் கூடுதல். இந்த இரண்டு சம்பளத்துக்கும் புதிய வரிமுறையில் வருமான வரி இல்லை என்பதால் வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை. தொழில் வரி சிறு தொகை.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. பி.எஃப். நம் பணம்தான், பிற்காலத்துக்குச் சேருகிறது. ஆனால் ஜாயினிங் போனஸ் ஒரு முறை வருவது. இரண்டாம் ஆண்டில் அதே சி.டி.சி. 9.90 லட்சமாகிவிடும். ஒரு வருடத்துக்குள் விலகினால் அந்த போனஸைத் திருப்பிக் கட்டச் சொல்வதும் வழக்கம். கிராஜுவிட்டி நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 ஆண்டு முடித்தால்தான் கைக்கு வரும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறவருக்கு அது காகிதத்தில் மட்டுமே இருக்கும் பணம். வேரியபிள் நிறுவனத்தின் லாபத்தையும் மேனேஜரின் மனதையும் பொறுத்தது. ஆகவே ஒப்பிடவேண்டியது சி.டி.சி.யை அல்ல, மாதம் உறுதியாக வரும் தொகையை. இந்த உதாரணத்தில் அது 55,000-லிருந்து 62,000, அதாவது 13 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

சதவீதக் கணக்கின் பெரிய குறை, அது பழைய அநியாயத்தையும் கூடவே சுமந்துவருவது. ஒரே வேலைக்கு ஒருவர் 4 லட்சத்திலும் இன்னொருவர் 6 லட்சத்திலும் தொடங்குகிறார்கள். முதலாமவர் வளாகத் தேர்வில் பெரிய கூட்டத்தோடு எடுக்கப்பட்டவர். இரண்டாமவருக்கு நல்ல கல்லூரி வாய்த்தது. இருவரும் மூன்று முறை மாறி ஒவ்வொரு முறையும் 30 சதவீதம் வாங்கினால் ஒருவர் 8.79 லட்சத்திலும் மற்றவர் 13.18 லட்சத்திலும் நிற்பார்கள். விகிதம் மாறவில்லை, இடைவெளி மட்டும் 2 லட்சத்திலிருந்து நாலரை லட்சத்தை நெருங்கிவிட்டது. பிள்ளைப்பேறுக்காக வேலையை விட்டு ஐந்து வருடம் கழித்துத் திரும்பும் பெண்ணிடம், “கடைசியா என்ன வாங்கினீங்க?” என்று கேட்டு அதன்மேல் சதவீதம் ஏற்றுவது இதைவிட மோசம்.

இது அமெரிக்காவில் வழக்காகவே ஆனது. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகத்தில் 2009-இல் கணித ஆலோசகராகச் சேர்ந்தவர் எய்லீன் ரிசோ. அங்கே விதி எளிமையானது: முன்பு வாங்கிய சம்பளத்தோடு 5 சதவீதம் சேர்த்து, அந்தத் தொகை சம்பளப் படிக்கட்டில் எந்தப் படியில் வருகிறதோ அங்கே வை. அரிசோனாவில் ஆசிரியையாக அவர் வாங்கியது குறைவு. 5 சதவீதம் சேர்த்தும் முதல் படியைக்கூட எட்டவில்லை. முதல் படியிலேயே வைத்தார்கள். 2012-இல் மதிய உணவுப் பேச்சில், அதே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆண் ஒன்பதாம் படியில் தொடங்கியது தெரியவந்தது. பழைய சம்பளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான சம்பள வேறுபாட்டுக்கு நியாயம் ஆகாது என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் சொன்னது. தீர்ப்பு எழுதிய நீதிபதி அது வெளியாகும் முன்பே இறந்துவிட்டதால் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. 2020-இல் ஒன்பதாம் வட்டம் மீண்டும் அதே முடிவுக்கே வந்தது.

இதற்குள் சட்டங்களும் வந்துவிட்டன. பழைய சம்பளம் கேட்பதைத் தடுக்கும் சட்டத்தை மாசசூசெட்ஸ் 2016-இல் இயற்றியது. கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் கேட்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பிறப்பித்த சம்பள வெளிப்படைத்தன்மை ஆணையும் இதைத் தடுக்கிறது, கூடவே பதவியின் சம்பள வரம்பை விண்ணப்பித்தவருக்கு முன்கூட்டியே சொல்லவும் சொல்கிறது. என் கணிப்பில் இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். கேட்காதே என்று மட்டும் சொன்னால் நிறுவனம் வேறு வழியில் மோப்பம் பிடிக்கும். வரம்பைச் சொல் என்றால் சதவீதத்துக்கே வேலையில்லை.

இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. சொல்ல மறுப்பதும் குற்றமில்லை, ஆனால் முதல் போனிலேயே கதவு சாத்தப்படலாம். அதற்காகக் கூட்டிச் சொல்வது ஆபத்து. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு அறிக்கை, பி.எஃப். பதிவு எல்லாம் கேட்பார்கள். சரிபார்க்கவென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. 8-ஐ 9.5 என்று சொன்னவர் பிடிபட்டால் ஆஃபர் போகும், சேர்ந்தபின் தெரிந்தால் வேலை போகும்.

உண்மையைச் சொல்வதிலும் சொல்லும் விதம் உண்டு. “எட்டு” என்று ஒற்றை எண்ணில் முடிக்காமல், உறுதியான சம்பளம் இவ்வளவு, வேரியபிள் இவ்வளவு, வரும் ஏப்ரலில் அப்ரைசல் நிலுவையில் இருக்கிறது, இப்போது விலகினால் இந்த போனஸை இழப்பேன் என்று பிரித்துச் சொல்லுங்கள். ஏற்றம் எதன்மேல் கணக்கிடப்படவேண்டும் என்பதை அது மாற்றும். உடனே திருப்பிக் கேளுங்கள்: “இந்தப் பதவிக்கு உங்க பட்ஜெட் என்ன?” பலர் சொல்லமாட்டார்கள், சிலர் சொல்லிவிடுவார்கள். எதிர்பார்ப்பைச் சதவீதத்தில் சொல்லாமல் ரூபாயில், அதுவும் உறுதியான சம்பளத்தில் சொல்லுங்கள். அதே வேலை செய்யும் இரண்டு மூன்று பேரிடம் அவர்கள் வாங்குவதை விசாரித்து வைத்திருந்தால் பாலிசிக்கு மேலே கையெழுத்து வாங்க எச்.ஆருக்கே ஒரு காரணம் எழுதிக் கொடுத்தது போலாகும்.

வாய்மொழி வாக்கை நம்பி ராஜினாமா கடிதம் கொடுத்துவிடாதீர்கள். ஆஃபர் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சம்பளத்தைப் பிரித்துக் காட்டும் அட்டவணை இருக்கும். அது கைக்கு வந்து, மாதம் வருவதை நீங்களே கூட்டிப் பார்த்த பிறகு பழைய மேனேஜருக்கு மெயில் அனுப்புங்கள்.